நிரூபணம் சரி, கணக்கு தப்பு: இசட்கே ரோலப்பைப் புரிந்துகொள்வதில் வரும் தவறுகள்

"இசட்கே ரோலப்புக்கு மாறிட்டேன், இனிமே நான் யாருக்கு எவ்வளவு அனுப்பினேன்னு யாருக்கும் தெரியாது" என்றார் ஒரு நண்பர். அவருடைய முகவரியை வாங்கி, அந்த ரோலப்பின் பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கும் எக்ஸ்ப்ளோரரில் போட்டுத் திருப்பிக் காட்டினேன். அனுப்பிய தொகை, பெற்றவரின் முகவரி, நேரம் எல்லாம் வரிசையாக இருந்தன. இசட்கே என்றால் 'பூஜ்ய அறிவு', அதாவது எல்லா விவரத்தையும் காட்டாமல் ஒன்றை நிரூபிப்பது. பெயரில் அப்படி இருப்பதால் வரும் குழப்பம் இது. நான் பார்த்தவரை இதுதான் முதல் தவறு, மிகப் பரவலான தவறும் இதுதான்.

எத்திரியம் என்ற பிளாக்செயினின் மேல் ஓடும் ரோலப் செய்யும் வேலை என்னவென்று பார்ப்போம். எல்லாக் கணக்குகளின் இருப்பையும் ஒரு மெர்க்கல் மரமாக, அதாவது ஹாஷ் என்ற சுருக்க எண்களாக்கி இரண்டிரண்டாகச் சேர்த்து மேலே ஏறும் மரமாக அடுக்கினால், உச்சியில் 32 பைட் அளவில் ஒரே ஒரு எண் கிடைக்கும். அதுதான் ஸ்டேட் ரூட். ஆயிரக்கணக்கான பரிவர்த்தனைகளை ஒரே கட்டாகச் சேர்த்து, ஆபரேட்டர் எத்திரியத்துக்கு வெளியே ஓட்டிப் பார்த்து, "பழைய ரூட்டிலிருந்து இந்தப் புதிய ரூட்டுக்கு விதிப்படிதான் வந்தோம்" என்ற ஒரே வாக்கியத்தை நிரூபித்து எத்திரியத்தில் ஒப்பந்தம் என்ற பெயரில் ஓடும் நிரலுக்கு அனுப்புகிறார். பழைய ரூட், புதிய ரூட், வெளியிட்ட தரவின் ஹாஷ் ஆகிய மூன்றும் பொது உள்ளீடுகள். ஒவ்வொருவரின் கையொப்பமும், ஒவ்வொரு கணக்குக்குமான மெர்க்கல் பாதையும் விட்னஸ் எனப்படும் தனி உள்ளீட்டில் இருக்கும். இவை நிரூபணத்தை உருவாக்கும் ப்ரூவரைத் தாண்டி வெளியே வர வேண்டியதில்லை.

'எல்லா விவரத்தையும் காட்டாமல்' என்பதற்கு இங்கே அர்த்தம் இவ்வளவுதான். ரகசியம் காப்பதற்காக அல்ல, இடம் மிச்சம் பிடிப்பதற்காகவே விவரங்களை விடுகிறார்கள். எத்திரியத்தில் ஒரு சாதாரணக் கையொப்பம் 65 பைட். அது செல்லும் என்று நிரூபணமே சொல்லிவிட்டால், அதைச் செயினில் எழுத வேண்டிய அவசியம் இல்லை. குரோத்16 வகை நிரூபணத்தைச் சரிபார்க்க, கட்டுக்குள் நூறு பரிவர்த்தனை இருந்தாலும் பத்தாயிரம் இருந்தாலும், காஸ் என்ற கட்டண அலகில் ஏறக்குறைய இரண்டு லட்சம்தான் ஆகும். எத்திரியத்தில் பத்துப் பேருக்குத் தனித்தனியாகக் காசு அனுப்பினாலே அந்த அளவு ஆகிவிடும். சில ரோலப்கள் தங்கள் நிரூபணத்தில் மறைக்கும் பகுதியைச் சேர்ப்பதே இல்லை. அதனால் இவற்றை 'செல்லுபடி ரோலப்' என்று அழைப்பதுதான் நேர்மை என்று சொல்பவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான். ரகசியம் வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக வடிவமைத்த அமைப்பு வேண்டும். அது இல்லாத இடத்தில் ஆபரேட்டர் எல்லாவற்றையும் பார்க்கிறார், பெரும்பாலும் மற்றவர்களும் பார்க்கலாம்.

சர்க்யூட்டில் எழுதாத விதி

அடுத்த தவறு, "நிரூபணம் சரிபார்க்கப்பட்டது, எனவே பரிவர்த்தனை சரி" என்று நினைப்பது. நிரூபிக்க வேண்டிய விதிகளைச் சமன்பாடுகளாக எழுதிய தொகுப்புக்குச் சர்க்யூட் என்று பெயர். நிரூபணம் உறுதி சொல்வது அதில் எழுதிய சமன்பாடுகளுக்கு மட்டும். எழுத மறந்த விதியைப் பற்றி அது வாயே திறக்காது. இதை ஒரு சின்ன உதாரணத்தில் முழுசாகப் பார்த்துவிடலாம்.

மாலாவிடம் 30 இருக்கிறது, குமாரிடம் 10. மாலா குமாருக்கு அனுப்பும் தொகை `amt`. சர்க்யூட் எழுதப் பயன்படும் சர்காம் மொழியில் ஒருவர் இப்படி எழுதுகிறார்:

```
newM <== balM - amt;
newK <== balK + amt;
```

பார்க்க ஒரு குறையும் தெரியாது. மாலா 50 அனுப்பினால் என்ன ஆகும்? சாதாரணக் கணக்கில் 30 − 50 = −20. ஆனால் சர்க்யூட்டுக்குள் குறை எண் என்று ஒன்று கிடையாது. எல்லாம் p என்ற ஒரு பெரிய பகா எண்ணை வைத்துச் சுற்றும் கணக்கு, கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் பிறகு மறுபடி ஒன்று வருவது மாதிரி. பிஎன்254 வளைவைப் பயன்படுத்தினால் அந்த p ஒரு 77 இலக்க எண். ஆக −20 என்பது p − 20 ஆகிவிடுகிறது. இருந்ததைவிட அதிகமாக அனுப்பிய மாலா, ஒரே நொடியில் நினைத்துப் பார்க்க முடியாத பணக்காரியாகிவிட்டார். மொத்தத் தொகை மாறவில்லையே என்று ஒரு சோதனை வைத்திருந்தாலும் பயனில்லை. (p − 20) + 60 என்பது p + 40, சுற்றிவந்தால் அது 40. தொடக்கத்தில் இருந்த அதே 40. நிரூபணத்தைச் சரிபார்க்கும் வெரிஃபையர் நிம்மதியாகத் தலையாட்டும்.

சரி, இருப்பைவிட அதிகமாக அனுப்பக்கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்க்கிறார்:

```
component le = LessEqThan(64);
le.in[0] <== amt;
le.in[1] <== balM;
le.out === 1;
```

கடைசி வரியைக் கவனியுங்கள். அதை விட்டுவிட்டால் ஒப்பீடு நடக்கும், விடை 0 என்று வரும், ஆனால் அந்த விடையை வைத்து யாரும் எதையும் தடுக்க மாட்டார்கள். கணக்கிடுவது வேறு, கட்டாயப்படுத்துவது வேறு. இங்கே அந்த வரி இருக்கிறது, 50 அனுப்பும் முயற்சி மாட்டிக்கொள்ளும். வேலை முடிந்தது என்று பலரும் நிறுத்தும் இடம் இதுதான்.

இப்போது மாலா `amt` ஆக p − 5 என்று போட்டுக் கையொப்பம் இடுகிறார். அதாவது −5. `LessEqThan(64)` தனக்குக் கொடுத்த இரண்டு எண்களும் 64 பிட்டுக்குள் அடங்கும் என்று நம்பித்தான் வேலை செய்கிறது, அதைச் சோதிப்பதில்லை. உள்ளே அது தொகையோடு 2⁶⁴ஐக் கூட்டி, இருப்பைவிட ஒன்று அதிகமான எண்ணைக் கழித்து மேல் பிட்டைப் பார்க்கிறது. p − 5க்கு அந்தக் கணக்கு 2⁶⁴ − 36 என்று வருகிறது, மேல் பிட் 0, எனவே "ஆம், இது 30க்கு மேல் இல்லை" என்று பதில். விளைவு: மாலாவின் இருப்பு 35, குமாரின் இருப்பு 5. இரண்டும் பார்வைக்கு இயல்பான எண்கள். பெறுபவர் கையொப்பமிட வேண்டியதில்லை என்பதால், குமாருக்குத் தெரியாமலேயே அவர் பணம் போய்விட்டது.

உண்மையான தீர்வு, தொகையை உள்ளே விடும்போதே 64 பிட்டாகப் பிரிக்கச் சொல்வது:

```
component r = Num2Bits(64);
r.in <== amt;
```

p − 5ஐ 64 பிட்டில் எழுதவே முடியாது. எனவே அப்படியொரு தொகைக்கு நிரூபணமே உருவாகாது. இதே பிட் சோதனையைப் புதிய இருப்புகள் இரண்டுக்கும் வைக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த கட்டில் `balM` 64 பிட்டுக்குள் இருக்கும் என்று நம்பலாம். ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று 64க்குப் பதில் 254 போடுபவர்களும் உண்டு. அது எதிர்மாறாக முடியும். 254 பிட்டில் p − 5 தாராளமாக அடங்கும். அதோடு p என்பது 2²⁵⁴ஐவிடச் சிறியது என்பதால் 7 என்ற எண்ணை 7 ஆகவும் எழுதலாம், p + 7 ஆகவும் எழுதலாம். ஒரே எண்ணுக்கு இரண்டு பிட் வரிசை.

இந்த மாதிரிப் பிழை ஏன் சோதனையில் சிக்குவதில்லை? விட்னஸைத் தயாரிக்கும் நிரலை எழுதியவரும் நல்லவர், சோதனையை எழுதியவரும் நல்லவர். நேர்மையான நிரல் p − 5 என்று ஒரு தொகையைத் தரவே தராது, எனவே எல்லாச் சோதனையும் பச்சை காட்டும். தாக்குபவர் அந்த நிரலைப் பயன்படுத்தப் போவதில்லை. தனக்கு வேண்டிய எண்களைக் கையாலேயே விட்னஸில் எழுதிக்கொள்வார். ஆகவே சரியான விட்னஸை எடுத்து, ஒவ்வோர் எண்ணாக மாற்றி, "இதுவும் சமன்பாடுகளைத் தாண்டுகிறதா" என்று பார்க்க வேண்டும். தாண்டினால் எங்கோ ஒரு நிபந்தனை விடுபட்டிருக்கிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. எத்திரியத்தில் பணம் போன தடத்தை மறைக்கும் டொர்னேடோ கேஷ் ரோலப் இல்லை, ஆனால் இதே வகைச் சர்க்யூட்டில் ஓடியது. அது பயன்படுத்திய ஹாஷ் நூலகத்தில் ஒரு வரியில் `<==` இருக்க வேண்டிய இடத்தில் வெறும் `=` இருந்தது. மதிப்பு ஒதுக்கப்பட்டது, நிபந்தனை உருவாகவில்லை. ஹாஷின் விடையை யாரும் இஷ்டத்துக்கு இட்டுக்கட்டலாம் என்ற நிலை. 2019 அக்டோபரில் அந்தக் குழுவே தன் ஒப்பந்தத்தை அந்த ஓட்டை வழியாகக் காலிசெய்து பணத்தைக் காப்பாற்றியது.

தரவு எங்கே?

நிரூபணம் சரி, சர்க்யூட்டும் சரி. அப்போதும் பணம் மாட்டிக்கொள்ளலாம். ரோலப்பிலிருந்து உங்கள் இருப்பை நீங்களே வெளியே எடுக்க, உங்கள் கணக்கிலிருந்து ரூட் வரைக்குமான மெர்க்கல் பாதை வேண்டும். அந்தப் பாதையைக் கட்ட மற்றவர்களின் இருப்பும் தெரிய வேண்டும். ஆபரேட்டர் புதிய ரூட்டையும் நிரூபணத்தையும் மட்டும் போட்டுவிட்டுத் தரவைக் கையிலேயே வைத்துக்கொண்டால், ரூட் சரி என்று உலகத்துக்கே தெரியும், ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அவரால் திருட முடியாது, முடக்க முடியும்.

இதனால்தான் ரோலப் தன் தரவையும் எத்திரியத்திலேயே வெளியிடுகிறது. 2024 மார்ச்சுக்குப் பிறகு அது பெரும்பாலும் ப்ளாப் எனப்படும் 128 கிலோபைட் பொட்டலங்களில் போகிறது, ஏறக்குறைய 18 நாளுக்குப் பிறகு நோடுகள் அதை நீக்கிவிடலாம். அதற்குள் யாராவது எடுத்து வைத்திருந்தால்தான் பழைய வரலாறு கிடைக்கும். தரவை வெளியே வேறு யாரிடமோ வைக்கும் அமைப்புக்கு வேலிடியம் என்று பெயர். கட்டணம் குறைவுதான், ஆனால் அதையும் ரோலப் என்றே விற்கிறார்கள், பார்த்து நுழையுங்கள். உருவாக்குபவர்கள் செய்யும் தவறு இன்னொரு மாதிரி: தரவை வெளியிடுவார்கள், ஆனால் அதன் ஹாஷை நிரூபணத்தின் பொது உள்ளீட்டோடு கட்ட மறந்துவிடுவார்கள். அப்போது நிரூபணம் ஒரு கட்டைப் பற்றியும், வெளியான தரவு வேறொரு கட்டைப் பற்றியும் இருக்கலாம். இரண்டும் தனித்தனியே பார்த்தால் செல்லும்.

அப்புறம் நேரம். வாலட்டில் ஒரு நொடியில் வரும் பச்சை டிக், பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்தும் ஸீக்வென்சர் கொடுக்கும் வாக்கு மட்டுமே. நிரூபணம் உருவாகி, எத்திரிய ஒப்பந்தம் அதை ஏற்கும் வரை அந்த வாக்குக்குப் பின்னால் கணிதம் எதுவும் இல்லை. பெரிய தொகை என்றால் எக்ஸ்ப்ளோரரில் அந்தக் கட்டு நிரூபிக்கப்பட்டதா, முதன்மைச் செயினில் முடிந்ததா என்று பார்த்த பிறகு பொருளைக் கொடுங்கள். அதே பக்கத்திலிருந்து வெரிஃபையர் ஒப்பந்தத்தின் முகவரிக்கும் ஒரு முறை போய், அதை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, மாற்றம் அமலாக எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று பாருங்கள். காத்திருப்பு பூஜ்யம் என்றால், இன்று செல்லும் நிரூபணத்தின் விதியை நாளைக் காலை நாலு பேர் கையொப்பமிட்டு மாற்றிவிடலாம்.