திறன் சோதனை மாதிரியை யார் அளப்பது?

வன்னியில் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும் சின்ன நீர் ஆய்வுகூடங்களுக்குப் போகும்போதெல்லாம் ஒரே பிழையைத்தான் காண்கிறேன். லேபல் மாறுவது, திகதி விடுபடுவது எல்லாம் ஒரு கிழமையில் திருந்திவிடும். இது திருந்துவதில்லை.

சுற்று மாதிரிக்குத் தனிக் கவனிப்பு

திறன் சோதனைச் சுற்றில் ஒரே மாதிரியைப் பல ஆய்வுகூடங்களுக்கு அனுப்பி, அவை அளந்ததை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்தப் போத்தல் வந்ததும் மூத்த பகுப்பாய்வாளரே அதை எடுத்துக்கொள்கிறார். ஐந்து தரம் அளந்து சராசரியை அனுப்புகிறார். கிணற்று நீரை அன்றாடம் அளக்கும் தங்கச்சி அந்தப் போத்தலைத் தொடுவதேயில்லை.

வவுனியாப் பக்கத்து ஆய்வுகூடம் ஒன்றில் புளோரைட்டுச் சுற்றில் இதுதான் நடந்தது. சுற்றை நடத்துபவர் மாதிரிக்கு ஒதுக்கிய பெறுமானம் லீற்றருக்கு 1.20 மில்லிகிராம், நியம விலகல் 0.10. மூத்தவர் அனுப்பியது 1.23. இசட் புள்ளி (1.23 − 1.20) ÷ 0.10, அதாவது 0.3. இரண்டுக்குள் இருந்தால் திருப்தி என்பதால் எல்லோருக்கும் சந்தோசம். அந்த அறிக்கையைத் தங்கச்சியின் தேர்ச்சிப் பதிவிலும் கோத்துவிட்டார்கள்.

மதிப்பீட்டுக்கு வந்தவர் மூல அளவீட்டுத் தாளைக் கேட்டார். "இது அக்கான்ர கையொப்பம். உங்கட அளவீடு எங்க, தங்கச்சி?"

மிச்ச மாதிரியைத் தங்கச்சியைக் கொண்டு அளக்க வைத்தார்கள். வந்தது 1.46. இசட் புள்ளி 2.6, சந்தேகத்துக்குரிய வலயம். காரணம் புளோரைட்டை அளக்கும் மின்வாயில் இருந்தது. செறிவு தெரிந்த நியமக் கரைசல்களைக் குறைந்ததிலிருந்து கூடியதற்கு அளந்து, 10 மில்லிகிராமில் முடித்து, உடனே மாதிரியில் இறக்கி, வாசிப்பு நிலைக்குமுன் எழுதிவிட்டார். செறிவு கூடிய கரைசலில் நின்ற மின்வாய் இறங்கிவர நேரமெடுக்கும். இந்தச் செறிவில் 5 மில்லிவோல்ற்று முந்தி எழுதினாலே இவ்வளவு கூடக் காட்டும்.

எனக்கு எரிச்சல் இங்கேதான். இலங்கை நியமத்தில் குடிநீருக்குப் புளோரைட்டு எல்லை 1.0. இதே விகிதப் பிழையோடு 0.9 உள்ள ஒரு குடும்பத்தின் கிணறு 1.1 என்று எல்லை தாண்டியதாக அறிக்கை போயிருக்கும். அதைப் பிடித்துக் கொடுக்கவே அந்தச் சுற்றுக்குக் காசு கட்டுகிறோம். 0.3 என்ற புள்ளி பிழையை மூடிவிட்டது.

மாதிரியை அன்றைய வேலைப் பட்டியலில் நடுவில் போடுங்கள். முறை யாருடையதோ அவரே, வழமையான எண்ணிக்கையில் அளக்கட்டும். நியமங்கள் முடிந்ததும் மின்வாயைக் கழுவி, 1 மில்லிகிராம் நியமத்தைத் திரும்ப அளந்து, அது சரியாக வந்த பிறகே மாதிரிக்குப் போகட்டும்.

தேர்ச்சிப் பதிவு

பயிற்சிச் சான்றிதழ் தேர்ச்சிக்கு ஆதாரமல்ல. ஆய்வுகூட அங்கீகாரத்துக்கான ஐஎஸ்ஓ 17025 நியமம் பயிற்சி, மேற்பார்வை, அதிகாரமளித்தல், தொடர்ந்த கண்காணிப்பு ஒவ்வொன்றுக்கும் பதிவு கேட்கிறது. எந்த முறைக்கு, எந்தத் திகதியிலிருந்து, எந்த அளவீட்டை வைத்து அனுமதி கொடுத்தீர்கள் என்று அவரவர் பெயரில் இருக்க வேண்டும். ஒரு சுற்று ஒருவருக்குத்தான் ஆதாரம். மற்றவர்களுக்குப் பெறுமானம் தெரிந்த மாதிரியைச் சொல்லாமல் கொடுத்து அளக்க வையுங்கள்.

பக்கத்து ஆய்வுகூடத்திடம் பெறுமானம் கேட்பது

கேட்கவே கூடாது.