விசா போட்டோவில் 'டச்அப்' ஏன் கூடாது? அமெரிக்க விசாவுக்கு எடுத்துப் பார்ப்போம்

நம்ம ஊர் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்றால் கேட்காமலே நிறத்தைக் கொஞ்சம் தூக்கி, பருவைத் துடைத்துத்தான் தருவார்கள். கல்யாண ஆல்பத்துக்கு அது சரி. விசாவுக்குச் சரிவராது.

முதலில், எடுக்கும்போதே. செல்போன் கேமராவில் 'பியூட்டி' வசதி பெரும்பாலும் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும், அதை அணைத்துவிடுங்கள். செல்ஃபியும் வேண்டாம், கிட்டத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று, நாலடி தள்ளி இன்னொருவரை எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். 2016 நவம்பர் 1 முதல் அமெரிக்க விசா படத்தில் கண்ணாடி கூடாது. போட்டுக்கொண்டு எடுத்துவிட்டு, பிறகு கணினியில் அழிப்பதும் கூடாது. அழித்த இடத்தில் இருப்பது உங்கள் கண்ணோரம் இல்லை, மென்பொருள் வரைந்த தோல்.

அடுத்து, வெட்டுவது. இது அனுமதி உள்ள வேலை. 3000 × 4000 பிக்சல் படம் என்று வைத்துக்கொள்வோம். 3000 × 3000 சதுரமாக வெட்டுங்கள். உச்சந்தலையிலிருந்து தாடை வரை 1700 பிக்சல் இருந்தால் 57 சதவீதம். 50 முதல் 69 வரை இருக்கலாம் என்பதால் சரி. பிறகு 600 × 600 ஆகச் சுருக்கி, 240 கேபிக்குள் JPEG-ஆகச் சேமியுங்கள். நீள அகலத்தை ஒரே விகிதத்தில் குறைக்க வேண்டும். பக்கவாட்டில் மட்டும் அமுக்கினால் முகம் ஒல்லியாகிவிடும், அதுவும் திருத்தம்தான்.

தொடக்கூடாதவை. தோலை வழவழப்பாக்குவது, நிறத்தைக் கூட்டுவது, மச்சம் தழும்பை அழிப்பது, தாடையைச் செதுக்குவது, கண்ணைப் பெரிதாக்குவது. முகத்தை ஒப்பிடும் மென்பொருள் கண், மூக்கு, வாய், தாடை இவற்றின் வடிவத்தையும் அமைப்பையும் எடுத்துக்கொண்டுதான் எதிரில் நிற்பவரோடு பொருத்திப் பார்க்கிறது. தாடையைச் செதுக்கினால் அந்தக் கணக்கே மாறிவிடும். மச்சமோ, இயந்திரம் தடுமாறும்போது அதிகாரி கண்ணால் தேடுகிற அடையாளம். அதை நாமே அழிப்பானேன்?

பின்னணியை வெட்டி வெள்ளை ஒட்டுவதையும் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் காது ஓரமும் முடியும் சேர்ந்தே போய்விடும்.

இவ்வளவு கறார் எதற்கு? இரண்டு பேர் முகத்தைக் கலந்து ஒரே படமாக்கினால், அந்த ஒரு பாஸ்போர்ட்டில் இருவருமே எல்லையைக் கடக்க முடியும் என்று 2014இல் இத்தாலியின் போலோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். பருவைத் துடைக்கும் கைக்கும் முகத்தைக் கலக்கும் கைக்கும் படத்தைப் பார்க்கிற அதிகாரியால் வித்தியாசம் காண முடியாது. அதனால் மொத்தமாகவே தடை.

கடைசியாக, சோதனை. ஸ்டுடியோவில் எடுத்திருந்தால் திருத்தாத மூலப் படத்தையும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பெரிதாக்கிக் கன்னத்தைப் பாருங்கள். ஒன்றில் துவாரம் தெரிந்து இன்னொன்று மெழுகு பூசியதுபோல் இருந்தால், மூலப் படத்தையே வெட்டி அனுப்புங்கள்.