முக்கால் ஜல்லியும் 10 மி.மீ. ஜல்லியும்: 60:40 கலவையில் மொத்த அளவு குறைவது ஏன்?

ஒரு பெட்டி ஜல்லியோடு இன்னொரு பெட்டி ஜல்லியைச் சேர்த்தால் இரண்டு பெட்டி வரும் என்றே புதிதாகக் கட்டுமானப் பணிக்கு வருபவர்கள் நினைக்கிறார்கள். எடையைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் 20 மி.மீ. ஜல்லியையும் (முக்கால் ஜல்லி) 10 மி.மீ. ஜல்லியையும் கலக்கும்போது, பெரிய கற்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில் சிறிய கற்கள் சென்று அமர்ந்துவிடுவதால், கன அளவு குறைந்துவிடுகிறது.

முதல் படியாக, இதை ஒரு வாளியில் அளந்து பார்க்க வேண்டும். வாளியில் ஒரு கோடு வரை தண்ணீர் நிரப்பி எடை போட்டால், வாளியின் எடை போக எத்தனை கிலோ உள்ளதோ, கோடு வரை அத்தனை லிட்டர். பிறகு தண்ணீரைக் கொட்டி, உலர்ந்த ஜல்லியைக் குத்தி இறுக்காமல் கோடு வரை நிரப்பி எடை போட்டால், ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ என்பது கிடைக்கும். முக்கால் ஜல்லிக்கு 1.45 கிலோ, 10 மி.மீ. ஜல்லிக்கு 1.43 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படியாக, முக்கால் ஜல்லி 18 கிலோவும் 10 மி.மீ. ஜல்லி 12 கிலோவும் எடுத்து, தகரத்தின் மேல் கொட்டி மண்வெட்டியால் நன்றாகப் புரட்ட வேண்டும். தனித்தனியே அவை 12.4 லிட்டரும் 8.4 லிட்டரும், ஆக 20.8 லிட்டர். கலந்ததை வாளியில் அதே முறையில் அளந்தால் லிட்டருக்கு 1.53 கிலோ வருகிறது என்று கொண்டால், 30 கிலோவுக்கு 19.6 லிட்டர்தான். ஏறத்தாழ 1.2 லிட்டர் குறைந்திருக்கிறது. கல் ஒன்றும் காணாமல் போகவில்லை.

மூன்றாம் படிதான் தளத்தில் பயன்படுவது. 1:1.5:3 கலவையில், 35 லிட்டர் கொண்ட ஒரு மூட்டை சிமெண்டுக்கு 105 லிட்டர் ஜல்லி. அதைக் கலந்த ஜல்லியின் அளவாகக் கொண்டால், அதன் எடை 160.7 கிலோ. அதில் 60 சதவீதம் 96.4 கிலோ, அதாவது 66.5 லிட்டர் முக்கால் ஜல்லி, மீதி 64.3 கிலோ, அதாவது 45 லிட்டர் 10 மி.மீ. ஜல்லி. மாறாக 63 லிட்டரும் 42 லிட்டருமாகத் தனித்தனியே பெட்டியில் அளந்து போட்டால், 9 கிலோவுக்கு மேல் கல் குறையும். வலிமை கெடாது என்றாலும், மூட்டைக்கு 3.4 லிட்டர் கான்கிரீட் குறைவதால், 100 மூட்டை வேலையில் ஏறத்தாழ 12 கன அடி குறைந்து, கணக்கிட்ட சிமெண்டு போதாமல் போகும்.

60:40 எல்லாக் குவாரிக் கல்லுக்கும் பொருந்தும் விகிதம் அன்று. 70:30, 50:50 ஆகியவற்றையும் அதே வாளியில் அளந்து, எது கனமாக வருகிறதோ அதிலிருந்து தொடங்குவது என் வழக்கம். 10 மி.மீ. ஜல்லி மிகுந்தால் கற்களின் மொத்தப் பரப்பு கூடி, அதே இளக்கத்துக்குக் கூடுதல் தண்ணீர் தேவைப்படும். குறைந்தால், பலகை பிரித்ததும் தூணின் அடியில் கல் தெரியும் பொந்துகளைக் காணலாம்.

கலந்த ஜல்லியை முன்கூட்டியே குவித்து வைக்கக் கூடாது. குவியலின் சரிவில் பெரிய கற்கள் உருண்டு அடியில் சேர்ந்துவிடுவதால், ஓரத்தில் அள்ளும் பாண்டில் விகிதம் மாறிவிடும். இரண்டையும் தனித்தனிக் குவியலாக வைத்து, மிக்சரில் கொட்டும்போதுதான் சேர்க்க வேண்டும்.