கோட்டின் மேல் நகர்வா, கோடே நகர்ந்ததா?

எந்த விலைக்கு எத்தனை வாங்குவார்கள் என்று காட்டும் தேவைக்கோட்டில் பலர் தடுமாறும் இடம் இது. ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: பழைய விலையிலேயே விற்றிருந்தால் எத்தனை போயிருக்கும்? பழைய எண்ணிக்கையே என்றால் கோட்டின் மேல் நகர்வு; அது மாறியிருந்தால் கோடே நகர்ந்திருக்கிறது.

ஒரு கடையில் குடை விலை 10, நாளுக்கு 40 விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலையை 8 ஆக்கினால் 55 விற்கிறது. வேறெதுவும் மாறவில்லை. இது அதே கோட்டின் மேல் கீழ்நோக்கிய நகர்வு, அவ்வளவுதான்.

அப்புறம் மழைக்காலம் வருகிறது. விலை மறுபடி அதே 10, ஆனால் 70 பேர் கேட்கிறார்கள். இப்போது கோடே வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. கடைக்காரர் விலையை 12 ஆக்குகிறார், 60 விற்கிறது. ‘விலை ஏறியும் விற்பனை கூடியதே, விலை ஏறினால் வாங்குவது குறையும் என்ற தேவை விதி பொய்யா?’ என்று இங்கேதான் குழம்புவார்கள். பொய்யில்லை. 40-லிருந்து 70-க்குப் போனது மழையால். 70-லிருந்து 60-க்கு இறங்கியது விலையால், அதுவும் புதிய கோட்டின் மேல்.

இன்னொரு பொறி: குடைக்குப் பதிலாக வாங்கும் ரெயின்கோட்டின் விலை குறைந்தால் குடையின் கோடு இடப்பக்கம் நகரும். ‘விலை’ என்ற சொல்லைப் பார்த்ததும் கோட்டின் மேல் நகர்வு என்று எழுதிவிடாதீர்கள். எந்தப் பொருளின் விலை என்று பாருங்கள்.