மிஞ்சிய உணவை மறுபடி பயன்படுத்துவதில் நேரும் தவறுகள்

சிறிய உணவுத் தொழிலில் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது மிஞ்சிய உணவின் மீதுதான். அந்த எண்ணம் சரியானதே. ஆனால் மிஞ்சியது மறுநாள் விற்பனைக்குத் தகுதியுடையதா என்பது மறுநாள் காலையில் அல்ல, அடுப்பை அணைத்த அடுத்த சில மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. பெரும்பாலான தவறுகள் நிகழ்வதும் அந்த நேரத்தில்தான்.

அவற்றில் மிகப் பெரிய தவறு, சமைத்த பாத்திரத்திலேயே உணவை ஆற விடுவது. சமைத்த உணவின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள்ளும் இறங்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. இந்த இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன.

இரவு கடை அடைக்கும்போது 8 கிலோ சோறு ஆழமான அண்டாவில் மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்பரப்பைத் தொட்டால் ஆறிவிட்டது போலவே இருக்கும். வெப்பமானியின் முனையை நடுவில் செருகினால்தான் உள்ளே இன்னும் சூடு அடங்கவில்லை என்பது தெரியும். கெட்டியான உணவின் ஆழம் இரண்டு மடங்கானால், அதன் நடுப்பகுதி ஆறும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. அந்த அண்டாவை அப்படியே குளிர்பெட்டிக்குள் வைத்தாலும் பயனில்லை. நடுப்பகுதி ஆறாததோடு, பெட்டியின் உட்புறமும் சூடாகி, பக்கத்தில் இருக்கும் பாலும் இறைச்சியும் கெடத் தொடங்கும். அதே சோற்றை 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் அகலமான தட்டுகளில் பரப்பி, ஆவி அடங்கியதும் தட்டுகளுக்கிடையே காற்றோட்டம் இருக்கும்படி குளிர்பெட்டியில் அடுக்கி, முழுவதும் குளிர்ந்த பிறகு இறுக மூடி வைத்தால் மேற்சொன்ன நேரத்துக்குள் அது ஆறிவிடும். சூப் போன்ற நீர்த்த உணவாக இருந்தால், சிறு பாத்திரங்களில் பிரித்து, பனிக்கட்டி கலந்த நீரில் நிறுத்திக் கிளற வேண்டும்.

அடுத்த தவறு, நன்றாகக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் சமையல் சூட்டைத் தாங்கி உயிரோடு இருக்கும். சோறு மெதுவாக ஆறும்போது முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் வாந்தி நச்சு, கொதிக்க வைத்தாலும் அழியாது. பாக்டீரியா இறந்திருக்கும், நச்சு அப்படியே இருக்கும். நிறத்திலோ வாசனையிலோ மாற்றம் தெரிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே, இரவு முழுவதும் வெளியில் இருந்த சோற்றைக் காலையில் முகர்ந்து பார்த்து முடிவெடுப்பது கூடாது. அதை வீசியே ஆக வேண்டும். முறையாக ஆற வைத்துச் சேமித்த உணவைத் தேவையான அளவு மட்டும் எடுத்து, நடுப்பகுதி 75 டிகிரியை எட்டும்வரை விரைவாகச் சூடாக்க வேண்டும். ஒருமுறை சூடாக்கியதில் மீண்டும் மிஞ்சினால் அதைத் திரும்பச் சேமிக்கக் கூடாது.

நேற்றைய கிரேவியை இன்றைய புதிய கிரேவியோடு கலப்பது சிக்கனம் போலத் தோன்றினாலும் அதுவும் தவறே. இன்று மிஞ்சியதை நாளையும், நாளை மிஞ்சியதை அடுத்த நாளும் கலந்துகொண்டே போனால், அந்தப் பாத்திரத்தில் இருப்பதற்கு எத்தனை நாள் வயது என்று யாராலும் சொல்ல முடியாது. பழையதில் கேடு இருந்தால் புதிதாகச் சமைத்ததும் சேர்ந்தே வீணாகும். ஒவ்வொரு பாத்திரத்திலும் உணவின் பெயர், சமைத்த தேதி, நேரம் ஆகியவற்றை எழுதி ஒட்டி, பழையதைத் தனியாகச் சூடாக்கி முதலில் விற்றுத் தீர்ப்பதே சரியான வழி. வாடிக்கையாளரின் மேசைக்குப் போய்த் திரும்பிய உணவோ, தொடாமல் வந்த துணைக்கறியோ இந்தக் கணக்கில் வரவே கூடாது.

மறுபயன்பாட்டை முழு இலாபமாகக் கருதுவதும் தவறான கணக்கு. ஆற வைக்கும் ஆளின் நேரம், குளிர்பெட்டியின் இடம், மறுபடி எரியும் எரிபொருள் ஆகிய எல்லாமே செலவுதான். ஒவ்வொரு நாளும் 50 பங்கு சமைத்து 40 பங்கு விற்கும் கடையில், மீதமுள்ள 10 பங்கைக் காப்பாற்ற வழி தேடுவதைவிட, முதலில் 35 பங்கு மட்டும் சமைத்து, விற்பனையைப் பார்த்து 5 அல்லது 10 பங்கு இரண்டாம் முறை சமைப்பது மலிவானது. இதற்கு, எந்த உணவு எத்தனை பங்கு மிஞ்சியது, எந்த நேரத்துக்குப் பிறகு விற்பனை குறைந்தது என்று இரண்டு வாரம் குறித்து வைத்தாலே போதும். தட்டில் மிச்சம் வைக்கப்படுவதையும் தனியே குறிக்க வேண்டும், ஏனெனில் அதற்குக் காரணம் சமைக்கும் அளவு அல்ல, பரிமாறும் அளவு; அங்கே மாற்ற வேண்டியது கரண்டியைத்தான்.