கடைசி அணிக்கும் அதே 15 நிமிடம்: ஹக்கத்தோன் இறுதிச் சுற்றுக்கு நேர அட்டவணை போடுவது எப்படி?

கிளிநொச்சியில் நாங்கள் முதன்முதலாக நடத்திய ஹக்கத்தோனில் எட்டாவதாக வந்த அணிக்குக் கிடைத்தது நாலே நிமிடம். முதல் அணியிடம் நடுவர்கள் ஆர்வமாகக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நாங்களும் மரியாதைக்காக நிறுத்தவில்லை. கடைசி அணி மேடையேறும்போது வவுனியாவிலிருந்து வந்த நடுவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றே கேட்டார். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

அடுத்த முறை அட்டவணையை வேறுமாதிரிப் போட்டோம். எட்டு அணி, நாலு நடுவர், மூன்று மென்டர் என்ற அதே கணக்கை வைத்தே சொல்கிறேன்.

1. முதலில் நடுவர்களிடம் மூன்று கேள்வி

பலர் அணிகளின் பட்டியலில் தொடங்குவார்கள். நீங்கள் நடுவர்களில் தொடங்குங்கள். அணிகள் நாள் முழுக்க மண்டபத்தில்தான் இருக்கும், நடுவர்கள் அப்படியில்லை. எங்கள் நால்வரில் ஒருவர் யாழ்ப்பாணம், ஒருவர் வவுனியா, ஒருவர் அறிவியல்நகரில் படிப்பிக்கும் விரிவுரையாளர், இன்னொருவர் கொழும்பிலிருந்து சூமில். ஒரு கிழமைக்கு முன்பே ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு செய்தி போட்டோம்:

"வணக்கம் சேர். எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள்? எத்தனை மணிக்குக் கட்டாயம் வெளிக்கிட வேண்டும்? இந்த எட்டு அணிகளில் உங்களிடம் படித்தவர்கள், உறவினர், உங்களோடு வேலை செய்பவர்கள் யாராவது இருக்கிறார்களா?"

மூன்றாவது கேள்வியைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். வன்னியில் ஆளுக்கு ஆள் தெரியாமல் இருப்பது அபூர்வம், அதனால் கட்டாயம் கேளுங்கள். விரிவுரையாளர், குளத்து நீர்மட்டக் கருவி செய்த அணி தன் மாணவர்கள் என்று பதில் போட்டார். அந்த அணிக்கு அவர் புள்ளி போடுவதில்லை என்று அன்றைக்கே முடிவாயிற்று.

2. பின்னாலிருந்து முன்னால் எண்ணுங்கள்

வவுனியா நடுவர் 4.30க்கு வெளிக்கிட வேண்டும். அப்படியானால் முடிவு அறிவிப்பு 4.15. நடுவர்கள் கூடிப் பேச அரை மணித்தியாலம் வேண்டும், ஆகவே கடைசி அணி 3.45க்கு முடிய வேண்டும்.

ஓர் அணிக்கு 15 நிமிடம்: பேச 6, கேள்விக்கு 4, புள்ளி எழுத 3, அடுத்த அணி மாற 2. புள்ளி எழுதும் மூன்று நிமிடத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அதை ஒதுக்காவிட்டால் நடுவர் அடுத்த அணி பேசும்போது குனிந்து முந்தின அணிக்குப் புள்ளி எழுதுவார். எட்டு அணிக்கு 120 நிமிடம், நடுவில் தேநீருக்கு 15. ஆக 1.30க்குத் தொடங்க வேண்டும். அதற்கு முன் 1.10க்கு நடுவர்களை இருத்திப் புள்ளித்தாளை விளக்க வேண்டும்.

ஒரு நடுவர் பிந்தி வருவார் என்றால் அவர் இல்லாமல் தொடங்க மனம் வரும். வேண்டாம். முழு நிகழ்வையும் பிந்தித் தொடங்குங்கள், முடியாவிட்டால் தொடக்கத்திலிருந்தே மூன்று நடுவரோடு நடத்துங்கள். காரணத்தை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

3. மென்டர்கள் காலையோடு சரி

ஓர் அணிக்கு 20 நிமிடம், மேசை மாற 5 நிமிடம். மூன்று மென்டர் எட்டு அணியைப் பார்க்க மூன்று சுற்று, 75 நிமிடம். 9.30க்குத் தொடங்கினால் 10.45க்கு முடியும். 12 மணிக்கு எல்லா அணியும் ஸ்லைட்டையும், இரண்டு நிமிட டெமோ வீடியோவையும் ஒரே லப்டொப்பில் ஏற்றிவிட வேண்டும். மென்டர் சொன்னதைத் திருத்த நடுவில் ஒன்றேகால் மணித்தியாலம் இருக்கிறது. 11.55க்கு ஒரு மென்டர் வந்து "தம்பி, இதை இப்படி மாத்தினால் இன்னும் நல்லாயிருக்கும்" என்று சொல்ல, அந்த அணியின் டெமோ மேடையில் திறக்கவே இல்லை. இது எங்களுக்கு நடந்ததுதான்.

நடுவர் ஒருவர் வராவிட்டால் மென்டரை அந்தக் கதிரையில் இருத்தாதீர்கள். அவர் காலையில் இரண்டு மூன்று அணிகளுக்கு யோசனை சொன்னவர், தன் யோசனைக்கே புள்ளி போடுவார். மென்டராக இல்லாத ஒருவரை முன்பே சொல்லி வையுங்கள்.

4. ஷீற்றில் போடுங்கள்

கூகிள் ஷீற்ஸில் நாலு நிரல் போதும். A வரிசை எண், B அணி, C தொடங்கும் நேரம், D எத்தனை நிமிடம். C2இல் `13:30` என்று அடியுங்கள். C3இல் இது:

```
=C2+D2/1440
```

ஒரு நாளில் 1440 நிமிடம். ஷீற்ஸ் நேரத்தை நாளின் பங்காகத்தான் வைத்திருக்கிறது, அதனால்தான் நிமிடத்தை 1440ஆல் பிரிக்கிறோம். இதை C12 வரை கீழே இழுத்துவிடுங்கள். 0.57 போல ஏதாவது தெரிந்தால் `Format > Number > Time` கொடுங்கள், சரியாகிவிடும்.

2 முதல் 5 வரையான வரிகளில் நாலு அணி, 6இல் தேநீர், 7 முதல் 10 வரை மற்ற நாலு அணி, 11இல் நடுவர் கூட்டம், 12இல் முடிவு. D நிரலில் அணிக்கும் தேநீருக்கும் 15, கூட்டத்துக்கு 30. C12இல் 16:15 வந்தால் கணக்குச் சரி. தேநீரும் ஒரு வரியாக இருப்பது வேண்டுமென்றே செய்தது. கரண்ட் போய் முதல் அணி 20 நிமிடம் எடுத்தால் D2ஐ 20 ஆக்குங்கள், முடிவு 16:20க்குப் போய்விட்டதை உடனே காண்பீர்கள். தேநீர் வரியை 10 ஆக்கினால் திரும்பவும் 16:15. அணிகளின் நேரத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது.

அணிகளின் வரிசைக்கு 12 மணிக்குப் பிறகு எல்லோர் முன்னாலும் சீட்டுக் குலுக்கினோம். ஷீற்ஸில் சூத்திரம் போட்டும் குலுக்கலாம்தான், ஆனால் கண்ணால் பார்த்த சீட்டை யாரும் கேள்வி கேட்பதில்லை.

5. ஒரு நடுவர் விலகும் அணியின் புள்ளி

இதில்தான் பலர் சறுக்குவார்கள். விரிவுரையாளர் கண்டிப்பானவர், 10க்கு அவர் போடும் சராசரி 5. மற்ற மூவரின் சராசரி 7. நெல் ஈரப்பதம் அளக்கும் அணிக்கு மூவரும் 8 போட்டார்கள், அவர் 6. சராசரி 7.5. குளத்து அணிக்கும் மூவரும் 8தான், அவர் விலகிவிட்டார். சராசரி 8. கண்டிப்பான நடுவர் இல்லாததே அந்த அணிக்கு அரைப் புள்ளி தந்துவிட்டது! பாதியில் வரும் நடுவரும் இதே குழப்பத்தைத்தான் செய்வார்.

ஒவ்வொரு நடுவரும் போட்ட புள்ளியிலிருந்து அவருடைய சொந்தச் சராசரியைக் கழித்துவிடுங்கள். விரிவுரையாளரின் 6, தன் சராசரிக்கு 1 கூட. மற்றவர்களின் 8உம் 1 கூட. இப்போது இரண்டு அணிகளுக்கும் +1, சமநிலை. யார் முதல் என்பதை நடுவர்கள் அந்த அரை மணித்தியாலத்தில் பேசித் தீர்ப்பார்கள். குளத்து அணியைப் பற்றிப் பேசும்போது விரிவுரையாளர் வெளியே நிற்பார்.

6. அன்றைக்கு மண்டபத்தில்

நேரம் பார்க்க ஒருவரை மட்டும் விடுங்கள். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். ஐந்தாவது நிமிடத்தில் மஞ்சள் அட்டை, ஆறில் மணி. நாங்கள் பள்ளிக்கூடத்துக் கைமணி ஒன்றை இரவல் வாங்கினோம். கேள்வி நேரத்துக்கும் அதே மணிதான். நடுவர் பெரியவர், எப்படி நிறுத்துவது என்று தயங்காமலிருக்க, 1.10 கூட்டத்திலேயே "சேர், மணி உங்களுக்கும் அடிப்போம்" என்று சொல்லிவிட்டோம். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்த அணி வாசல் கதிரையில் தயாராக இருக்க வேண்டும். ஸ்லைட் எல்லாம் ஒரே லப்டொப்பில் இருப்பதால் வயர் மாற்றும் வேலை இல்லை, அதே திரையைச் சூமிலும் காட்டலாம். கொழும்பு நடுவரின் இணைப்பு அறுந்தால் போன் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறுங்கள், இரண்டு நிமிடம் காத்திருங்கள், பிறகு அவர் இல்லாமலே தொடருங்கள். மண்டபத்தில் ஒரு போனில் பதிவு ஓடிக்கொண்டிருந்தால், தேநீர் நேரத்தில் அவர் தவறவிட்ட பகுதியை வட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். எங்களுக்கு ஐந்தாவது அணியில் அறுந்தது. தேநீர் முடிந்திருந்தது, அதனால் நடுவர் கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்தில் அந்தப் பதிவைப் பார்த்துப் புள்ளி அனுப்பினார். வவுனியா நடுவர் 4.30க்கு பஸ் ஏறினார்.