ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைக்கு மருந்து கொடுக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். பிறந்த மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை அதிகமானதால் அவனை நீல விளக்கின் கீழ் வைத்திருந்தார்கள். அப்போது எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஜி6பிடி நொதி குறைவு என்று தெரிந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த சுருக்கத்தின் கடைசிப் பக்கத்தில் அது ஒரு வரியாக எழுதப்பட்டது. அந்தத் தாள் தடுப்பூசி அட்டையுடன் பீரோவுக்குள் போனது. ஐந்தாண்டுகளாகப் பையன் நன்றாக இருக்கிறான். இப்போது சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், இலேசான காய்ச்சல். புதிய மருத்துவர் சிறுநீர்த் தொற்று என்று கண்டு நைட்ரோஃபுரான்டோயின் எழுதிக் கொடுக்கிறார். "வேறு ஏதாவது பிரச்சினை உண்டா?" என்று அவர் கேட்கும்போது, "ஒன்றுமில்லை டாக்டர், நல்லாத்தான் இருக்கான்" என்று தாய் சொல்கிறார். அது பொய்யன்று, மருந்து போன்ற தூண்டுதல் ஏதும் இல்லாதவரை இந்தக் குறைபாடு பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை.

திங்கட்கிழமை மருந்து தொடங்குகிறது. புதன் இரவு சிறுநீர் பழுப்பாகப் போகிறது. மருந்துக் கடையில் விசாரித்தால், "இந்த மருந்துக்கு அப்படித்தான் நிறம் மாறும், பயப்பட வேண்டாம்" என்கிறார்கள். அதுவும் பொய்யன்று. நைட்ரோஃபுரான்டோயின் எந்தக் கேடும் செய்யாமலே சிறுநீரை அடர்மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாற்றக்கூடியது. வியாழன் காலை பையனின் உதடு வெளுத்திருக்கிறது, கண் வெண்படலம் மஞ்சளாக இருக்கிறது, படுக்கையை விட்டு எழ மறுக்கிறான். சிறுநீரோ இப்போது கட்டங்காப்பி நிறத்தில் இருக்கிறது. இரத்தத்தைப் பார்த்தால், முன்பு 11.5 கிராமாக இருந்த ஹீமோகுளோபின் 6.4க்கு இறங்கியிருக்கிறது.

சிவப்பணுவுக்கு உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. சில மருந்துகள் அதற்குள் ஏற்படுத்தும் ஆக்ஸிஜனேற்றத் தாக்குதலைச் சமாளிக்க குளூட்டாதியோன் என்னும் பொருளை அது ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்ற அணுக்களுக்கு அதற்கு வேறு வழிகளும் உண்டு. சிவப்பணுவுக்கு ஜி6பிடி நொதி ஒன்றே வழி. நொதி குறைந்தால் ஹீமோகுளோபின் கட்டியாகித் திரள்கிறது, அணுவின் சவ்வு கெடுகிறது, அணு உடைகிறது. மருந்து தொடங்கி ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் இது வெளிப்படுவது வழக்கம். முதல் வேளைக்குப் பின் ஒன்றும் ஆகவில்லை என்பதால் அந்த மருந்து ஒத்துக்கொண்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஆகவே முதல் தவறு, நோயின் பெயரைச் சொல்லாமல் விடுவது. "பிறந்தபோது காமாலை இருந்தது" என்று சொன்னால் போதாது. அது எத்தனையோ குழந்தைகளுக்கு வருவது. "இவனுக்கு ஜி6பிடி குறைபாடு இருக்கிறது" என்ற வாக்கியம் ஒவ்வொரு புதிய மருத்துவரிடமும், பல் மருத்துவரிடமும், மருந்துக் கடையிலும், அறுவைக்கு முன் மயக்க மருத்துவரிடமும் கேட்காமலேயே சொல்லப்பட வேண்டும். அந்தப் பரிசோதனை முடிவின் படம் தாய், தந்தை, தாத்தா பாட்டி எல்லோருடைய கைப்பேசியிலும் இருப்பது நல்லது; குழந்தையை அழைத்துக்கொண்டு அவசரமாக ஓடுகிறவர் யாராக இருப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இரண்டாவது தவறு, கறுத்த சிறுநீரையும் மஞ்சள் கண்ணையும் கல்லீரல் காமாலை என்று எண்ணி, கீழாநெல்லிச் சாறும் பத்தியமுமாக இரண்டு நாளைக் கழிப்பது. கல்லீரல் அழற்சியிலும் சிறுநீர் அடர்ந்துதான் போகும். ஆனால் அதில் குழந்தை திடீரென்று வெளுப்பதில்லை. சிவப்பணு உடைகிறபோது மஞ்சளும் வெளுப்பும் ஒன்றாகவே வருகின்றன. மருத்துவமனையில் வேறுபடுத்த எளிய வழியொன்று உண்டு: சிறுநீரில் பட்டை நனைத்துப் பார்க்கும் சோதனை இரத்தம் இருப்பதாகக் காட்டும், அதே சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுக்கள் இருக்காது. உடைந்த அணுவிலிருந்து கசிந்த ஹீமோகுளோபின்தான் பட்டையை நிறம் மாற்றியது. மருந்தாலேயே நிறம் மாறியிருக்குமோ என்ற ஐயத்தையும் இதே சோதனை தீர்த்துவிடும். வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மருந்தை நிறுத்திவிட்டு, மருந்துப் பட்டையையும் முடிந்தால் சிறிது சிறுநீரையும் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில குழந்தைகளுக்கு நீர்ச்சத்தும் கண்காணிப்பும் போதும். ஹீமோகுளோபின் மிகவும் இறங்கிய குழந்தைக்கு இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

இனி, எந்த மருந்துகளை உறுதியாகத் தவிர்க்க வேண்டும் என்பது. இணையத்தில் சுற்றும் பட்டியல்கள் நூறு பெயர்களைத் தாண்டும். என் கருத்தில் அவை நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்கின்றன. தெளிவான சான்றுள்ளவை சிலவே: தோல் நோய்களுக்கும் தொழுநோய்க்கும் கொடுக்கும் டாப்ஸோன், சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோஃபுரான்டோயின், சிறுநீர் எரிச்சலைத் தணிக்கும் ஃபெனாசோபிரிடின், மலேரியாவுக்கான பிரைமாகுயின், டஃபெனோகுயின், புற்றுநோய்ச் சிகிச்சையில் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் ராஸ்புரிகேஸ், மெத்திலீன் புளூ. இந்தக் கடைசி மருந்தில் ஒரு கொடிய முரண் இருக்கிறது. இதே மருந்துகளில் சில ஹீமோகுளோபினை ஆக்ஸிஜன் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாற்றி, குழந்தையை நீலம் பாரிக்கச் செய்யக்கூடும். அதற்கு வழக்கமாகக் கொடுக்கும் மாற்று மருந்துதான் மெத்திலீன் புளூ. ஜி6பிடி குறைவானவர்களிடம் அது வேலையும் செய்யாது, அணுக்களை மேலும் உடைக்கவும் செய்யும். அவசரப் பிரிவில் நுழையும்போதே குறைபாட்டைச் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேறில்லை.

கோட்ரைமாக்ஸசோல், சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்றவை பழைய பட்டியல்களில் தடை செய்யப்பட்டவை. வழக்கமான அளவில் அவற்றால் வரும் ஆபத்து குறைவு என்பதே பிந்தைய மதிப்பீடு. ஆயினும் நொதி மிகவும் குறைந்த குழந்தைக்கு வேறு பாதுகாப்பான மருந்து இருக்கும்போது அதைத் தேர்ந்தெடுப்பதே முறை. நம் சிறுவனுக்கு, கிருமி பணியக்கூடியதாக இருந்தால், செஃபிக்ஸிம் போன்ற ஒன்று தொடக்கத்திலேயே கொடுத்திருக்கலாம். அமாக்ஸிசிலின், செஃபலோஸ்போரின் வகைகளைப் பற்றி இந்தக் குறைபாட்டின் பெயரால் அஞ்ச வேண்டியதில்லை.

பாராசிட்டமாலைத் தடுப்பதுதான் நான் அடிக்கடி காணும் எதிர்த்திசைத் தவறு. ஒரு வேளைக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற வழக்கமான அளவில் அதைக் கொடுக்கலாம். பட்டியலைப் பார்த்து அஞ்சிக் காய்ச்சலை எரியவிடுவதாலும், ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று தொற்றை வளரவிடுவதாலும் கேடுதான் விளையும். ஏனெனில் தொற்று தானாகவே சிவப்பணுக்களை உடைக்கத் தூண்டக்கூடியது. பிறந்த குழந்தைக்குப் போடும் வைட்டமின் கே ஊசியையும் இதே அச்சத்தால் மறுப்பவர்கள் உண்டு. ஆபத்து என்று எழுதப்பட்டது மெனாடியோன் என்ற பழைய வடிவத்தைப் பற்றி. இப்போது போடப்படும் ஃபைட்டோமெனாடியோன் வேறு. தடுப்பூசிகளுக்கும் தடையில்லை.

மலேரியாவைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சென்னையில் விவாக்ஸ் மலேரியா நெடுங்காலமாக இருந்து வருகிறது. காய்ச்சலைத் தீர்ப்பது குளோரோகுயின், அதைக் கொடுக்கலாம். கல்லீரலில் உறங்கும் கிருமியை அழித்து நோய் திரும்பாமல் தடுப்பதற்கே 14 நாள் பிரைமாகுயின். அந்தக் கிருமி அன்றே எழுந்துவிடப் போவதில்லை. ஆகவே நொதிப் பரிசோதனையின் முடிவு வரும்வரை பிரைமாகுயினைத் தள்ளி வைப்பதால் நட்டமில்லை. குறைபாடு உறுதியானாலும் வழி அடைபடவில்லை: வாரம் ஒரு முறை, கிலோவுக்கு 0.75 மில்லிகிராம், எட்டு வாரம் என்ற முறையை உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. ஆனால் அது மருத்துவரின் நெருங்கிய கண்காணிப்பில் மட்டுமே நடக்க வேண்டியது.

பரிசோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது. அணுக்கள் உடைந்துகொண்டிருக்கும் நாட்களில் நொதியை அளந்தால் முடிவு இயல்பு என்று வரக்கூடும். நொதி குறைந்த முதிய அணுக்களே முதலில் உடைகின்றன. எஞ்சியிருப்பவையும் புதிதாக எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்தவையும் இளையவை, அவற்றில் நொதி சற்று அதிகம். இரத்தம் ஏற்றியிருந்தால் அளப்பது கொடையாளரின் நொதியையும் சேர்த்துத்தான். எனவே அந்த இயல்பான முடிவை வைத்து நோயில்லை என்று அறிவித்துவிடாமல், ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். பெண் குழந்தைகளில் நொதி குறைந்த அணுக்களும் இயல்பான அணுக்களும் கலந்திருக்கக்கூடும் என்பதால் ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் சோதனை தவறவிடலாம். அளவைச் சொல்லும் சோதனையே நம்பத்தக்கது. குறைபாடு தாய்வழி எக்ஸ் குரோமோசோமில் வருவதால் சகோதரர்களையும் தாய்மாமன்களையும் சோதித்துப் பார்ப்பது வீண்வேலையன்று.

மருந்தை வாயில் ஊற்றும் முன் பார்க்க வேண்டியது வணிகப் பெயரை அன்று. பட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பொருளின் பெயரை. கூட்டு மருந்தாக இருந்தால் ஒவ்வொரு பெயரையும் படிக்க வேண்டும். கடையில் "அந்தக் கம்பெனி இல்லை, இது அதேதான்" என்று மாற்றிக் கொடுத்தால் மீண்டும் ஒரு முறை ஒப்பிட வேண்டும். உட்பொருள் எழுதப்படாத சூரணம், தைலம், லேகியம் எதையும் கொடுக்காமலிருப்பது நல்லது. பாலூட்டும் தாய் டாப்ஸோனோ நைட்ரோஃபுரான்டோயினோ எடுத்துக்கொண்டால் அது பால் வழியே குழந்தையை அடையும் என்பதால், தாயின் மருந்துச் சீட்டையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும்.

மருந்தல்லாதவற்றில் இரண்டு, வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. குழந்தையின் துணிகளுக்கிடையே அந்துருண்டை போட்டு வைத்து, எடுத்த கையோடு உடுத்திவிடும் பழக்கம் கைவிடப்பட வேண்டியது. நாப்தலீன் ஆவி சிசுவின் சிவப்பணுக்களை உடைத்த நிகழ்வுகள் மருத்துவ உலகில் நன்கு பதிவானவை. கைக்குழந்தையின் உடலில் மருதாணி பூசுவதும் அப்படியே. மூன்றாவதாகச் சொல்லப்படும், அவரை கூடாது என்ற எச்சரிக்கை பெரும்பாலும் மொழிபெயர்ப்பால் வந்த குழப்பம். ஆபத்தானது மத்தியதரைக் கடல் நாடுகளிலும் அரபு நாடுகளிலும் உண்ணப்படும் ஃபாவா பீன்ஸ் என்னும் வேறு செடியின் விதை. நம் தோட்டத்து அவரைக்காயும் மொச்சையும் அது அல்ல. வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் வறுத்த பயறுப் பொட்டலத்தைத்தான் குழந்தைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.